13 ஸ்லைடில் எந்த ஒரு வரி மிஞ்ச வேண்டும்?

வாசகி கேட்டது

"நாகப்பட்டினம் மாவட்டத்தில் நானும் என் தம்பியும் இறால் குட்டைகளுக்கு ஒரு கருவி செய்து தருகிறோம். கரண்ட் போனாலோ, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றாலோ, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலோ பண்ணைக்காரருக்கு போன் போகும். போன வருஷம் 11 பேருக்கு இலவசமாக வைத்துக் கொடுத்தோம். இந்த வருஷம் ஒரு குட்டைக்கு 6,000 ரூபாய் என்று கேட்டோம், 9 பேர் முன்பணம் கட்டினார்கள். அடுத்த மாதம் சென்னையில் முதலீட்டாளர் சந்திப்பு. ஒரு கம்பெனிக்கு 30 நொடி, ஸ்லைடு காட்ட முடியாது. பிடித்தால் தனியாகப் பத்து நிமிடம் தருவார்களாம். எங்களிடம் 13 ஸ்லைடு இருக்கிறது, எதை விட்டாலும் குறையாகத் தெரிகிறது. எங்கள் பலமே சென்சார்தான், அதை விளக்கவே இரண்டு நிமிடம் ஆகும். விளக்கினால் காப்பியடித்துவிடுவார்களோ என்றும் பயம். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா? நான் பேசவா, தம்பி பேசட்டுமா? இன்னொன்று: பண்ணைக்காரர்கள் எங்கள் ஆப்பைத் திறப்பதே இல்லை, போன் அடித்தால்தான் ஓடுகிறார்கள். யாராவது கேட்டால் இதை எப்படிச் சமாளிப்பது? நான் எழுதிய பேச்சையும் ஸ்லைடுகளையும் இணைத்திருக்கிறேன்."

ஆலோசகர் பதில்

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சமாளிக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் அனுப்பியதில் உங்கள் வியாபாரத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது அந்த வரிதான். பண்ணைக்காரர் ஆப்பைத் திறக்கவில்லை, ஆனால் அடுத்த வருஷம் காசு கட்டியிருக்கிறார். அப்படியானால் அவர் எதற்குக் காசு கட்டினார்? போன் அழைப்புக்குத்தான். இதை நீங்கள் ஒரு குறையாக நினைப்பதால், ஸ்லைடில் ஆப்பின் படங்களுக்கு மூன்று பக்கமும், 9 பேர் காசு கட்டிய விஷயத்துக்குப் பதினோராவது பக்கத்தின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். முப்பது நொடியில் என்ன சொல்வது என்ற குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

ஸ்லைடுகளைச் சுருக்கினால் முப்பது நொடிப் பேச்சு கிடைத்துவிடும் என்று நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு வரி எடுத்து வரிசையாகக் கோர்ப்பார்கள். அதில் எல்லாம் இருக்கும், ஆனால் கேட்டவருக்கு எதுவும் நினைவில் நிற்காது. முப்பது நொடியில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லலாம், அந்த விஷயம் புரிவதற்கு வேண்டிய பின்னணியை மட்டும் கூடச் சொல்லலாம். மிச்சப் பக்கங்கள் வீணாகப் போவதில்லை. கேட்டவர் அடுத்துக் கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில்கள் அவை. அவற்றுக்குத்தான் பத்து நிமிடம் தருகிறார்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார்

இப்படிப்பட்ட தேர்வுக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கையில் கம்பெனிப் பெயர்கள் அச்சிட்ட தாள் இருக்கும். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் எழுந்து வருவார். நாங்கள் செய்வதெல்லாம் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி கிறுக்குவதுதான். எல்லாரும் பேசி முடித்தபின் அந்தத் தாளைப் பார்த்து யாரைக் கூப்பிடுவது என்று பேசுவோம். அப்போது பேச்சு யாருக்கும் நினைவில் இருக்காது, அந்தக் கிறுக்கல் மட்டும்தான் இருக்கும். எழுத எதுவும் அகப்படவில்லை என்றால் "இறால், சென்சார்" என்று துறையின் பெயரை எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

அதனால் பேச்சை எழுதும் முன் அந்தக் கிறுக்கலை எழுதுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் என்ன எழுத வேண்டும்? என் கணக்கில் அது இப்படி இருக்க வேண்டும்: "ஏரேட்டர் நின்றால் போன். 11ல் 9 பேர் காசு கட்டினார்கள்." இதை அவர் எழுதிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. இதை எழுத உதவாத எந்தச் சொல்லும் பேச்சில் இருக்கத் தேவையில்லை.

13 பக்கத்தையும் எப்படிச் சலிப்பது

ஒவ்வொரு ஸ்லைடும் எதை வலியுறுத்துகிறது என்று ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். "சந்தை" என்று தலைப்பை எழுதினால் போதாது, "இந்தியாவில் இறால் வளர்ப்பு பெரிய தொழில்" என்று எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேளுங்கள்: இதே வாக்கியத்தை அன்று மேடையேறும் வேறு யாராவது அப்படியே சொல்ல முடியுமா?

உங்கள் ஸ்லைடுகளில் இதைச் செய்து பார்த்தேன். இறால் ஏற்றுமதியின் அளவைச் சொல்லும் பக்கத்தை, இறால் தீவனம் விற்பவரும் சொல்லலாம், குஞ்சு விற்பவரும் சொல்லலாம், குளிர்பதன லாரி விடுபவரும் சொல்லலாம். போகட்டும். "நேரலையில் நீர்த்தரக் கண்காணிப்பு" என்பதை இந்தத் துறையில் கருவி செய்யும் எல்லாருமே சொல்வார்கள், அதுவும் போகட்டும். குழுவைப் பற்றிய பக்கத்தில் தம்பி படித்த படிப்பும் நீங்கள் பார்த்த வேலையும் இருக்கின்றன. நல்ல விஷயம்தான், பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு வருமானக் கணிப்பை யார் வேண்டுமானாலும் போடலாம், அதை நம்புகிறவர் குறைவு. கடைசியில் வேறு யாராலும் சொல்ல முடியாததாக நிற்பது ஒன்றுதான்: இலவசமாக வாங்கிய 11 பேரில் 9 பேர், காசு கேட்டபோது கொடுத்தார்கள்.

எண் சின்னதாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். எழுதிய பேச்சில் அதைக் கடைசிக்குத் தள்ளியதே அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தக் கட்டத்தில் உங்களிடம் யாரும் பெரிய எண்ணை எதிர்பார்ப்பதில்லை. இலவசமாக இருந்தவரை பயன்படுத்தினார்கள், காசு என்றதும் நழுவினார்கள் என்பதுதான் இவர்கள் தினமும் கேட்கும் கதை. அதற்கு நேர்மாறான கதை உங்களிடம் இருக்கிறது. "எண்பது சதவீதத்துக்கு மேல்" என்று அதைப் பெரிதாக்கவும் வேண்டாம். 11 என்ற எண்ணைச் சதவீதத்தில் சொன்னால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். "11ல் 9" என்று சொன்னால் ஒவ்வொருவரையும் உங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்பது புரியும்.

ஒரு எச்சரிக்கை. அந்த 9 பேரில் மாமா, சித்தப்பா என்று யாராவது இருந்தால், அவர்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். 7 என்று ஆனாலும் பரவாயில்லை. முதலீடு செய்யும் முன் அந்த வாடிக்கையாளர்களில் சிலருக்கு முதலீட்டாளர்களே போன் போட்டு விசாரிப்பார்கள். ஒப்பந்தத்தில், நீங்கள் சொன்ன விவரங்கள் உண்மை என்று உறுதி கொடுத்துக் கையெழுத்தும் போடுவீர்கள். தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் எதிர்த்தரப்புக்கு வழி கொடுக்கிறது. மேடையில் வாய் தவறி வந்த எண்தானே என்று அப்போது சொல்ல முடியாது.

சென்சார் ஏன் அந்த ஒரு விஷயம் இல்லை

இது உங்கள் தம்பிக்கு வருத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் முனை குட்டைத் தண்ணீரிலேயே கிடக்கிறது. சில நாளில் அதில் பாசியும் வழவழப்பும் படியும், துடைக்காவிட்டால் அளவு தப்பும். பண்ணைக்காரருக்கு இது தெரியும். ஏற்கெனவே கையில் மீட்டர் வைத்து அளந்து ஏமாந்தவராகவும் இருக்கலாம். அதனால்தான் உங்கள் ஆப்பில் தெரியும் எண்ணை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஊகிக்கிறேன். ஏரேட்டர் ஓடுகிறதா இல்லையா என்பது வேறு மாதிரி. மோட்டாருக்குப் போகும் ஒயரைச் சுற்றி மாட்டிய ஒரு வளையம், கரண்ட் பாய்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடும். தண்ணீரில் இறங்குவதில்லை, பாசி பிடிப்பதில்லை, சந்தேகத்துக்கு இடமில்லை. அதை நம்பித்தான் ராத்திரி எழுந்து ஓடுகிறார்.

எந்த நேரத்தில் ஓடுகிறார் என்பதும் முக்கியம். பகலில் குட்டையிலுள்ள பாசி ஆக்சிஜனை உண்டாக்கும். இருட்டியபின் அதே பாசி, இறால், அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் அளவு மிகவும் தாழ்ந்து போகும். இறால் பெரிதாகி, குட்டை நெரிசலாக இருக்கும் கடைசி வாரங்களில் அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால், நாலு மாத உழைப்பும் போட்ட தீவனமும் ஒரே ராத்திரியில் போய்விடலாம்.

உங்கள் ஏழாவது ஸ்லைடில் ஒரு அருமையான விஷயம் இருக்கிறது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் மட்டும் போனால் ஏரேட்டர் நின்றுவிடலாம், ஆனால் வாட்ச்மேன் கொட்டகை பல்பு வேறு பேஸில் இருந்தால் எரிந்துகொண்டே இருக்கும், அவரும் கரண்ட் இருக்கிறது என்று தூங்கிவிடுவார். இதை நீங்கள் "பல்நிலை மின்தவறு கண்டறிதல்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். பல்பு எரிகிறது, ஏரேட்டர் ஓடவில்லை என்று சொன்னால் யாருக்கும் ஒரு நொடியில் புரியும். இதை முப்பது நொடிக்குள் சேர்க்கலாமா என்று நானே யோசித்தேன். சேர்த்தால் இரண்டு விஷயமாகிவிடும், 9 பேர் காசு கட்டியது மங்கிவிடும். பத்து நிமிடத்தின் முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி, வெட்டி, மறுபடி எழுதுவது

நீங்கள் அனுப்பிய பேச்சின் தொடக்கம் இது:

"வணக்கம். இந்திய இறால் துறை பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிறது. நீர்த்தரக் குறைபாட்டால் விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்திக்கிறார்கள். கரைந்த ஆக்சிஜன், பிஎச், வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றை நேரலையில் கண்காணிக்கும் ஐஓடி அடிப்படையிலான ஒருங்கிணைந்த தளத்தை நாங்கள் உருவாக்கியுள்ளோம்…"

கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். முப்பது நொடி முடிந்தபோது டேஷ்போர்டைப் பற்றிய வரியில்தான் இருந்தேன். 9 பேர் வரவே இல்லை.

தமிழில் சொற்கள் நீளமானவை. "கண்காணிக்கப்படுகின்றன" என்ற ஒரு சொல்லுக்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அவசரப்படாமல் பேசினால் முப்பது நொடியில் ஏறக்குறைய 45 முதல் 55 சொற்கள் அடங்கும். ஆங்கிலத்தில் 70 சொற்கள் வரை போகலாம். உங்கள் பேச்சை 50 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கும் கம்பெனிப் பெயருக்கும் ஐந்து போனால் 45 மிச்சம். அதில் 9 பேர் விஷயத்துக்குப் பதினைந்து சொல்லாவது வேண்டும். அதை முதலில் எழுதிவிடுங்கள், மிச்சத்தை அதைச் சுற்றி நிரப்புங்கள்:

"போன வருஷம் நாகை மாவட்டத்தில் 11 பேருக்கு இலவசமாகக் கொடுத்தோம். இந்த வருஷம் காசு கேட்டோம். 9 பேர் முன்பணமாகவே கட்டினார்கள்."

இது மட்டும் காதில் விழுந்தால் என்ன புரியாது? என்ன கொடுத்தார்கள் என்று புரியாது, அது எதற்கு வேண்டும் என்றும் புரியாது. அந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் முன்னால் வர வேண்டும். பிஎச்சும் உப்புத்தன்மையும் தெரியாவிட்டால் இது புரியாமல் போகுமா? போகாது. அதனால் அவை வெளியே. ஏற்றுமதிக் கணக்கு தெரியாவிட்டால்? அதுவும் வெளியே. கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம். எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

"இறால் குட்டையில் ராத்திரி ஏரேட்டர் நின்றுவிட்டால், விடிவதற்குள் மொத்த இறாலும் சாகலாம். நின்ற ஒரு நிமிடத்தில் பண்ணைக்காரரை போனில் எழுப்பும் கருவி எங்களுடையது. போன வருஷம் நாகை மாவட்டத்தில் 11 பேருக்கு இலவசமாகக் கொடுத்தோம். இந்த வருஷம் காசு கேட்டோம். 9 பேர் முன்பணமாகவே கட்டினார்கள். அடுத்து ஆந்திராவுக்குப் போகிறோம். அதற்குப் பத்து நிமிடம் உங்களோடு பேச வேண்டும்."

பிறகு உங்கள் பெயர், கம்பெனிப் பெயர். பெயரை முதலில் சொன்னால், அவர் முந்தைய கம்பெனியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே அது போய்விடும். "ஒரு நிமிடத்தில்" என்று நான் எழுதியதை நீங்கள் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் ஆகிறதென்றால் மூன்று என்றே சொல்லுங்கள். ஆந்திரா என்று உங்கள் ஸ்லைடில் இருந்ததால் போட்டேன். இறால் வளர்ப்பில் முதலிடம் அந்த மாநிலம்தான், அதனால் சந்தையின் அளவு என்ற விஷயத்தை அந்த ஒரு சொல்லே ஓரளவு சொல்லிவிடுகிறது. அங்கே போகும் திட்டம் உண்மையிலேயே இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

எத்தனை லட்சம் வேண்டும் என்பதை மேடையில் சொல்ல வேண்டுமா என்று குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கேட்பவர் மனம் உடனே அந்தத் தொகைக்குப் போய்விடும், 9 பேரை விட்டுவிடுவார். சட்டப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இவ்வளவு விலைக்கு இத்தனை பங்கு தருகிறோம் என்று பொது அரங்கில் அறிவிப்பது சரியில்லை. தனிப்பட்ட முறையில் பங்கு விற்பவர்கள் அதைப் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது நிறுவனங்கள் சட்டம், 2013ன் 42ஆம் பிரிவு. தொகையைத் தனி அறையில் பேசிக்கொள்ளலாம்.

கேட்பவர்கள் யார் என்று பார்த்து முதல் வாக்கியத்தை மாற்ற வேண்டியிருக்கும். குழுவில் தீவனக் கம்பெனிக்காரர்களும் மீன்வளத் துறையில் இருந்தவர்களும் அதிகம் என்றால், ஏரேட்டர் நின்றால் இறால் சாகும் என்று அவர்களுக்கே பாடம் எடுப்பது போல ஆகிவிடும். அங்கே மட்டும் அதை வெட்டிவிட்டு, "பல்பு எரியும்போதே ஏரேட்டர் நின்றுபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்" என்று ஆரம்பிக்கலாம். 9 பேர் மட்டும் எந்த அரங்கிலும் மாறக் கூடாது.

தேறியதா என்று எப்படித் தெரியும்

கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. இறால் தொழிலே தெரியாத ஒருவரிடம், மருந்துக் கடைக்காரரோ பிள்ளையின் ஆசிரியரோ யாராக இருந்தாலும் சரி, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். மறுநாள் அவரைப் பார்த்து, "நாங்கள் என்ன செய்கிறோம், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதுதான் உங்கள் பேச்சு, தாளில் இருப்பதல்ல. "ஏதோ மீன் வளர்க்கிறவர்களுக்கு ஆப்" என்றால் இன்னும் வெட்ட வேண்டும். "மோட்டார் நின்றால் போன் போகும், நிறைய பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்" என்றால் போதும். எண்ணை மறந்தால்கூடப் பரவாயில்லை, காசு கொடுத்ததை மறக்கக் கூடாது.

இன்னொரு அடையாளம், பேசி முடித்ததும் வரும் முதல் கேள்வி. "அப்படியானால் நீங்கள் சரியாக என்ன செய்கிறீர்கள்?" என்று வந்தால் பேச்சு தோற்றுவிட்டது. "மிச்சம் 2 பேர் ஏன் கட்டவில்லை?" என்று வந்தால் ஜெயித்துவிட்டது.

ஆனால் அதற்கு உங்களிடம் பதில் வேண்டும். அனுப்பிய எதிலும் அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை. சென்னைக்குப் போகும் முன் அவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். ஒருவர் இந்த வருஷம் குஞ்சே விடவில்லை என்றால், அது உங்கள் கருவியைப் பற்றி எதையும் சொல்லவில்லை, அப்படியே சொல்லிவிடலாம். ஒருவரிடம் ஜெனரேட்டர் இல்லை என்றால், அது பெரிய விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டால் அவர் என்ன செய்வார்? கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். அப்படியானால் உங்கள் வாடிக்கையாளர், இறால் வளர்ப்பவர் எல்லாரும் அல்ல, ஜெனரேட்டர் வைத்திருப்பவர் மட்டும்தான். சந்தை சுருங்கியதே என்று பயப்பட வேண்டாம். யாருக்கு விற்க வேண்டும், யாரிடம் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று தெரிந்தவராக அங்கே உட்காருவீர்கள். மூன்றாவது சாத்தியமும் உண்டு: கருவி தப்பாக அடித்து அவரைப் பல ராத்திரி எழுப்பியிருக்கலாம். அப்படியென்றால் தம்பி அதைச் சரிசெய்த பிறகு மேடைக்குப் போங்கள். இல்லாவிட்டால் அந்த 9 பேரும் அடுத்த வருஷம் இருக்க மாட்டார்கள்.

காப்பியடிக்கும் பயம்

மேடையில் நீங்கள் சொல்லப்போவது கருவி என்ன செய்கிறது என்பதை மட்டும். எப்படிச் செய்கிறது என்பது அந்த 50 சொல்லில் எங்கேயும் இல்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டால்தான் பேசுவேன் என்று அங்கே கேட்காதீர்கள். முதல் சந்திப்பில் முதலீட்டாளர்கள் பொதுவாக அதற்குச் சம்மதிப்பதில்லை. சர்க்யூட்டையும் புரோகிராமையும் திறந்து காட்டச் சொல்லும் கட்டம் வந்தால் அப்போது கேட்கலாம், அது நியாயமான கோரிக்கைதான்.

உங்கள் பயம் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தம்பி செய்ததில் புதிதாக ஏதோ இருக்கிறது, காப்புரிமை எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், கருவி ஏற்கெனவே வெளியே இருக்கிறது. 11 பண்ணைகளில் ஓடியிருக்கிறது, விற்கவும் தொடங்கிவிட்டீர்கள். விண்ணப்பம் போடும் முன்பே பொதுவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்பது, புதியது என்ற தகுதிக்கு எதிராகப் போகலாம். நியாயமான சோதனைக்காகப் பொதுவில் இயக்கிப் பார்த்ததற்கு ஒரு வருஷம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் காசு வாங்கி விற்றதைச் சோதனை என்று வாதாடுவது கடினம். முதல் கருவியை எந்தத் தேதியில் மாட்டினீர்கள், முதல் முன்பணம் எப்போது வந்தது என்ற இரண்டு தேதிகளையும் எடுத்துக்கொண்டு ஒரு காப்புரிமை முகவரை இந்த வாரமே பாருங்கள். இன்னும் வழியிருந்தால் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், முகவரின் கட்டணம் தனி.

வழியில்லை என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. ஒயரில் வளையம் மாட்டி கரண்ட் பார்ப்பதை ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் ஊகித்துவிடுவார். உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ரகசியம் அல்ல. குட்டைக் கரையின் உப்புக் காற்றில் ஒரு சீசன் முழுக்க ஓடிய கருவியும், அதை நம்பிக் காசு கட்டிய ஆட்களும் காப்பியடிப்பவரிடம் இருக்காது.

மிச்சக் கேள்விகள்

எந்த மொழி என்பதை ஏற்பாடு செய்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். தமிழில் பேசலாம் என்றால் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலம்தான் என்றால், இந்தத் தமிழ்ப் பேச்சை மொழிபெயர்க்காமல், அதே நான்கு விஷயங்களை ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். வாயில் தடுக்கும் சொல்லை எடுத்துவிடுங்கள். தொடங்கிய மொழியிலேயே முடியுங்கள்.

யார் பேசுவது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பண்ணைக்காரர்களிடம் காசு கேட்டது யார்? எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள்தான் என்று தோன்றுகிறது. அப்படியானால் 9 பேரைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி அவர்களைப் பற்றித்தான் வரும். தம்பி பேசினால் அவரையும் அறியாமல் சென்சாருக்குப் போய்விடுவார். அவர் கூடவே வரட்டும். கருவி ஒன்றையும் பையில் எடுத்து வரச் சொல்லுங்கள், ஆனால் மேடையில் வெளியே எடுக்க வேண்டாம். கையில் ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் சொல்வது காதில் விழாது. தனி அறைக்குக் கூப்பிட்டதும் மேஜைமேல் வையுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஸ்லைடுகளின் வரிசையையும் மாற்றுங்கள். பதினோராவது பக்கத்தின் மூலையில் இருக்கும் கட்டத்தை முதல் பக்கமாக முழுசாகப் போடுங்கள், அடுத்ததாகப் பல்பு எரியும் கதை, அதற்கடுத்து அந்த 2 பேர். ஆப்பின் படங்களுக்கு ஒரு பக்கம் போதும். யாராவது ஆப்பைத் திறக்கிறார்களா என்று கேட்டால், "இல்லை, போன் அடித்தால் போதும் என்கிறார்கள். அதனால் ஆப்பில் இனி காசு செலவழிக்கப் போவதில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு முன் தம்பியிடம் பேசி, அதை உண்மையாக்கிக்கொள்ளுங்கள்.